பிழிவதா, நெருக்குவதா? பிரிட்ஜில் ‘ஸ்குவீஸ்’

சனிக்கிழமை சாயங்காலம் கிளப்பில் பிரிட்ஜ் சீட்டாட்டம் முடிந்து எழுந்தபோது, பக்கத்து மேஜைக்காரர் சந்தோஷமாகச் சொன்னார்: “கடைசி மூணு சீட்டுல மேற்கைப் பிழிஞ்சுட்டேன்.” அவர் ஆடியது அருமையான ஸ்குவீஸ், அதாவது எதிராளி எந்தச் சீட்டைக் கழித்தாலும் நஷ்டம் என்ற நிலையில் அவரை மாட்டிவைக்கும் உத்தி. ஆனால் அந்தச் சொல் எனக்கு உறுத்தியது. புதிதாக வருபவர்களுக்குக் கொடுக்கும் தமிழ்ப் பாடத்தாளிலும் இதே ‘பிழிதல்’தான் இருக்கிறது. ‘பிழி ஆட்டம்’ என்று ஒருவர் தலைப்பே போட்டிருந்தார். இந்தச் சொல்லால் ஆட்டமே தப்பாகப் புரிகிறது என்பதால் இதை எழுதுகிறேன்.

சொல் வந்த வழியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இந்த உத்தி பிரிட்ஜுக்கு முந்தைய விஸ்ட் ஆட்டத்திலேயே உண்டு. ‘ஸ்குவீஸ்’ என்ற பெயரை 1920-களில் பேஸ்பாலிலிருந்து எடுத்து வைத்தவர் அமெரிக்க ஆட்டக்காரர் சிட்னி லென்ஸ் என்பார்கள். ஆங்கிலத்தில் அந்த ஒரே சொல் எலுமிச்சம்பழத்துக்கும் ஆகும், நான்கு பேர் உட்காரும் இருக்கையில் ஐந்தாவது ஆள் இடித்துக்கொண்டு உட்காருவதற்கும் ஆகும். தமிழில் அந்த இரண்டுக்கும் இரண்டு சொற்கள் இருக்கின்றன. நம் மொழிபெயர்ப்பாளர் அகராதியில் முதலில் கண்ணில் பட்டதை எடுத்துக்கொண்டார்.

எது பொருந்தும் என்பதை ஒரு கையை வைத்தே பார்க்கலாம். துருப்பு இல்லாத ஆட்டம். நான்கு ஆட்டக்காரர்களையும் உட்காரும் திசையால் சொல்வது வழக்கம். தெற்கு டிக்ளேரர், ஆட்டத்தை நடத்துபவர். அவர் கூட்டாளி வடக்கு டம்மி, அந்தச் சீட்டுகள் மேஜையில் விரித்துக் கிடக்கும், அவற்றையும் தெற்கே ஆடுவார். ஆளுக்கு மூன்று சீட்டு மீதி. மூன்று பிடியும், அதாவது மீதி மூன்று சுற்றும், தெற்குக்கு வேண்டும். டம்மியில் ஸ்பேடு ஏஸ், ஸ்பேடு ஜாக்கி, ஆட்டின் ராஜா. தெற்கின் கையில் ஸ்பேடு 2, டைமன் 2, கிளாவர் ஏஸ். மேற்கிடம் ஸ்பேடு ராஜாவும் ராணியும், கூடவே ஆட்டின் ஏஸ். கிழக்கிடம் இருப்பவை எதற்கும் உதவாத டைமன்கள். எண்ணிப் பார்த்தால் தெற்குக்கு உறுதியான பிடி இரண்டுதான்: கிளாவர் ஏஸ், ஸ்பேடு ஏஸ்.

தெற்கு கிளாவர் ஏஸைப் போடுகிறார். மேற்கிடம் கிளாவர் இல்லை, எதையாவது கழித்தாக வேண்டும். ஆட்டின் ஏஸைக் கழித்தால் டம்மியின் ஆட்டின் ராஜா பெரிய சீட்டாகிவிடும். உடனே டம்மி ஸ்பேடு ஜாக்கியைக் கழிக்கும். தெற்கு ஸ்பேடு 2-ஐப் போட்டு ஏஸில் ஏறி, ஆட்டின் ராஜாவையும் எடுப்பார். சரி, மேற்கு ஸ்பேடு ராணியைக் கழித்தால்? டம்மி ஆட்டின் ராஜாவைக் கழிக்கும். ஸ்பேடு ஏஸுக்கு மேற்கின் ராஜா தானாக விழும், ஜாக்கி கடைசிப் பிடியை எடுக்கும். மேற்கு ஒரு சீட்டை விரலால் பாதி உருவுவார், திரும்பச் செருகுவார், அடுத்ததைத் தொடுவார். மூன்றில் எதைக் கழித்தாலும் தெற்குக்கு மூன்று பிடி.

இங்கே பிழிந்தது எதை? பிழிந்தால் சாறு வர வேண்டும், கையில் சக்கை மிஞ்ச வேண்டும். துணியைப் பிழிகிறோம், தேங்காய்ப்பாலைப் பிழிகிறோம். எவ்வளவு முறுக்குகிறோமோ அவ்வளவு வரும். ஸ்குவீஸில் பலத்துக்கு வேலையே கிடையாது. அந்தக் கிளாவர் ஏஸுக்குப் பதில், யாரிடமும் வேறு கிளாவர் இல்லாத நிலையில், கிளாவர் 3 இருந்தாலும் இதே கதைதான். மேற்கின் சிக்கல் இடம் போதாமை. அவர் மூன்று சீட்டைக் காப்பாற்ற வேண்டும், இரண்டுக்குத்தான் இடம். ‘பிழி’ என்று கற்ற பிள்ளைகள் ஏஸ், ராஜா என்று பெரிய சீட்டாக அடித்துக்கொண்டே போனால் எதிராளி தானாகக் கக்குவார் என்று நினைத்து ஆடுவதை நானே பார்த்திருக்கிறேன்.

இடம்தான் விஷயம் என்பதற்கு ஒரு சோதனை உண்டு. அதே கையில் மூன்றுக்குப் பதில் நான்கு சீட்டு மீதி என்று வைத்துக்கொள்ளுங்கள். தெற்கிடம் கூடுதலாகத் தோற்கிற டைமன் ஒன்று, மேற்கிடம் கூடுதலாக டைமன் 7. இப்போது கிளாவர் ஏஸ் விழுந்தால் மேற்கு அந்த 7-ஐக் கழித்துவிட்டு நிம்மதியாக உட்கார்ந்திருப்பார். அதனால்தான் விவரம் தெரிந்த டிக்ளேரர், எப்படியும் தோற்கப்போகும் பிடியை ஆட்டத்தின் தொடக்கத்திலேயே கொடுத்துவிடுவார். மீதியில் தோற்கும் பிடி ஒன்றே ஒன்று என்ற நிலை வந்த பிறகுதான் எதிராளிக்கு இடம் அடைபடும். பிடியை விட்டுக்கொடுத்துப் பிழிவது என்று யாருக்காவது விளக்க முடியுமா?

‘அழுத்தம்’ என்பாரும் உண்டு. அது எந்த ஆட்டத்துக்கும் எந்தத் தருணத்துக்கும் ஒட்டும். ‘கட்டாயக் கழிவு’ கொஞ்சம் மேல். போலந்துக்காரர்கள் கட்டாயம் என்ற பொருளில் ‘ப்ஷிமுஸ்’ என்றே சொல்கிறார்கள். ஆனால் ஒரு இனம் கையில் தீர்ந்துவிட்டால் வேறொன்றைப் போடுவது எப்போதுமே கட்டாயம்தான், பெரும்பாலும் அதில் நஷ்டமில்லை. ‘இருதலைக்கொள்ளி எறும்பு’ படமாக அழகு. ஆனால் எதிராளியை வலியப் பிடி எடுக்கவைத்து, அடுத்து எதைப் போட்டாலும் நஷ்டம் என்ற நிலையில் விடும் வேறொரு உத்தி இருக்கிறதே, அதற்கும் அந்த எறும்பு பொருந்திவிடும்.

என் சொல் ‘நெருக்கு’. நெருங்கு தன்வினை, நெருக்கு பிறவினை. திரும்பு, திருப்பு மாதிரி. இடத்தைக் குறைப்பதுதான் அதன் பொருளே. கூட்டம் நெருக்குகிறது, செருப்பு நெருக்குகிறது, பஸ்ஸில் நெருக்கி உட்கார வைக்கிறார்கள். நெருக்கடியும் அதே வேரிலிருந்துதான் வருகிறது. புதிதாக எதையும் செய்ய வேண்டாம். வீட்டில் இருக்கும் சொல். கிளாவர் ஏஸ் ‘நெருக்குச் சீட்டு’. எதிராளி காவலை விட்டால் உயரக் காத்திருக்கும் ஸ்பேடு ஜாக்கியும் ஆட்டின் ராஜாவும் ‘மிரட்டல் சீட்டுகள்’. மேற்கு ‘நெருக்கில் மாட்டினார்’. பேச்சில் ‘மேற்கை நெருக்கிட்டேன்’ என்றால் ஒரு இடறலும் இல்லை. தூய தமிழ் வேண்டும் என்பதற்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. ஏஸையும் டம்மியையும் நான் அப்படியேதான் விட்டிருக்கிறேன். பொருளைத் தப்பாகக் காட்டும் தமிழ்ச்சொல்லைவிட ‘ஸ்குவீஸ்’ என்றே எழுதிவிடலாம். அதையாவது தெரியாத சொல் என்று கேட்டுத் தெரிந்துகொள்வார்கள்.

நம் பாடத்தாள்களில் நடப்பது இதுதான். ஆடத் தெரியாதவர் மொழிபெயர்க்கிறார், ஆடத் தெரிந்தவர் படித்துப் பார்க்காமல் கொடுத்துவிடுகிறார். நான்கு சீட்டை மேஜையில் பரப்பி ஒருமுறை ஆடிப் பார்த்திருந்தால் ‘பிழி’ அவர் பேனாவில் வந்திருக்காது.

இன்னும் ஒன்று. மேலே சொன்ன கையில் மேற்கின் மூன்று சீட்டும் கிழக்கிடம் இருந்தால் நெருக்கு பலிக்காது. கிளாவர் ஏஸுக்கு டம்மி முதலில் கழித்தாக வேண்டும், கிழக்கு அதைப் பார்த்துவிட்டுக் கழிப்பார். டம்மி ஆட்டின் ராஜாவை விட்டால் கிழக்கு ஆட்டின் ஏஸை விடுவார். டம்மி ஜாக்கியை விட்டால் அவர் ராணியை விடுவார். டம்மிக்கு முன்னால் கழிக்க வேண்டியவர்மேல் மட்டும் பலிக்கும் இந்த வகையை ‘ஒருபக்க நெருக்கு’ என்றும், யார் கையில் இருந்தாலும் பலிப்பதை ‘இருபக்க நெருக்கு’ என்றும் என் குறிப்பேட்டில் எழுதி வைத்திருக்கிறேன். எதிராளிகள் இருவருமே ஒரே ஆட்டத்தில் மாட்டிக்கொள்ளும் வகைக்கு ‘இரட்டை நெருக்கு’.