எழுத்தின் இடம் விரலுக்குத் தெரிந்தால் போதும்

நான்காம் வகுப்பு படிக்கும் மகளைக் கோடை விடுமுறையில் நாள்தோறும் இரண்டு மணி நேரத் தட்டச்சு வகுப்புக்கு அனுப்பலாமா என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். அனுப்ப வேண்டாம் என்பதே என் விடை. நாளுக்குக் கால் மணி நேரமாக, வாரத்தில் ஐந்து நாள் வீட்டிலேயே பழகினால் போதும்.

காரணம் விரல்கள் கற்கும் விதத்தில் இருக்கிறது. நன்கு பழகிய தட்டச்சர்களிடம் எழுத்தே அச்சிடாத விசைப்பலகைப் படத்தைக் கொடுத்து நிரப்பச் சொன்ன ஆய்வொன்று 2014-இல் அமெரிக்காவில் வெளியானது. அவர்களால் சராசரியாக 15 எழுத்துகளைத்தான் சரியான இடத்தில் குறிக்க முடிந்தது. விரைந்தும் பிழையின்றியும் அடிக்கிறவர்களுக்கே எந்த விசை எங்கே என்று சொல்லத் தெரியவில்லை.

அதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன் உளவியலாளர்கள் கோர்டன் லோகன், மாத்யூ கிரம்ப் ஆகியோர் செய்த சோதனை எனக்கு இன்னும் பிடித்தமானது. தட்டச்சர் பிழையாக அடித்தால் திரையில் அது சில சமயம் தானாகவே திருத்தப்பட்டுவிடும். சரியாக அடித்தாலும் சில சமயம் பிழை நுழைக்கப்படும். பெரும்பாலும் அவர்கள் திரையையே நம்பினார்கள்; தாம் செய்யாத பிழையையும் தம்முடையது என்றார்கள். விரல்களோ ஏமாறவில்லை. உண்மையாகத் தவறிய இடத்துக்குப் பின் மட்டுமே அவை வேகம் தளர்ந்தன. ஆக, சொல்லைத் தேர்ந்து திரையைச் சரிபார்க்கும் மனம் ஒன்று. தொடுவுணர்வைக் கொண்டு தன்னைத் தானே சரிபார்த்துக்கொள்ளும் விரலியக்கம் இன்னொன்று. குழந்தைக்குக் கற்றுத் தர வேண்டியது இந்த இரண்டாவதையே. கண் கீழே இறங்கும் ஒவ்வொரு முறையும் விரலின் வேலையைக் கண் செய்துவிடுவதால், அந்த உணர்வு வளர வாய்ப்பில்லாமல் போகிறது.

`F`, `J` விசைகளின் மேல் சிறு மேடு இருப்பது இதற்காகத்தான். சுட்டுவிரல்கள் அவற்றைத் தடவி வீடு சேர்கின்றன. மற்ற விசைகளின் தூரத்தை அங்கிருந்தே உணர்கின்றன. ஆகவே பழகுவதற்கான தட்டச்சு விளையாட்டைத் தேர்ந்தெடுக்கையில் கவனம் வேண்டும். இலவசமாகக் கிடைக்கும் டக்ஸ் டைப்பிங்கில், எழுத்தைச் சுமந்து மேலிருந்து விழும் மீனைப் பெங்குவின் பிடித்துண்ணும். மீன் வேகமாக விழுந்தால் குழந்தை பதறிக் கீழே பார்த்து ஒற்றை விரலால் தட்டும். மதிப்பெண் ஏறும், பழக்கமோ கெடும். மிக எளிய நிலையில் வைத்து, கைகளின் மேல் மெல்லிய துணியொன்றைப் போர்த்திவிடுங்கள். மதிப்பெண் சட்டென்று சரிந்தால் அதுவரை விளையாடியது கண்தான் என்று தெரிந்துவிடும்.

உட்காரும் முறையும் இதோடு சேர்ந்ததே. பெரியவர்களுக்கான மேசை ஏறத்தாழ 75 செ.மீ. உயரம், அதில் குழந்தையின் தோள் தூக்கிக்கொள்ள, மணிக்கட்டு மேல்நோக்கி மடங்கும். மேசையைத் தாழ்த்த முடியாதபோது இருக்கையில் தலையணை வைத்து, முழங்கை விசைப்பலகையின் மட்டத்துக்கு வரும்வரை உயர்த்த வேண்டும். தொங்கும் கால்களுக்குக் கீழே ஒரு மணை வேண்டும். விசைப்பலகையின் பின்கால்களை மடக்கிவிட்டால் மணிக்கட்டு நேராகும். மடிக்கணினியானால், தனி விசைப்பலகை இணைத்துத் திரையைப் புத்தகங்களின் மேல் ஏற்றுவது நல்லது. சிறிய கைகளின் சுண்டுவிரல் ஓர விசைகளை எட்டாது. அதை வற்புறுத்தாமல் நடுவரிசையிலேயே நெடுநாள் இருக்கலாம்.

இனி நேரக் கணக்கு. கடித உறைகளின் அஞ்சல் குறியீட்டை விசைப்பலகையில் அடிக்கும் வேலைக்கு ஊழியரைப் பழக்க வேண்டியிருந்ததால், பிரிட்டிஷ் அஞ்சல் துறைக்காக ஆலன் பேட்லியும் லாங்மனும் ஓர் ஆய்வு செய்து 1978-இல் வெளியிட்டார்கள். நாளுக்கு ஒரு மணி நேரம் பழகியவர்கள், நான்கு மணி நேரம் பழகியவர்களைவிடக் குறைந்த மொத்த நேரத்திலேயே விசைப்பலகையைக் கற்றுக்கொண்டார்கள். நாட்கள் மட்டும் கூடுதலாயின. விரல் வரிசைகளைப் பழகியவர்கள் இரவு உறங்கி எழுந்ததும் முன்னைவிட விரைவாக அடிப்பதைப் பிற்கால ஆய்வுகளும் கண்டன. இவையெல்லாம் பெரியவர்களிடம் செய்யப்பட்டவை. தமிழ் எழுத்துக்கான தமிழ்99 விசைப்பலகையில் நம் குழந்தைகள் கற்கும் விதத்தை அளக்க நம் பல்கலைக்கழகங்களுக்கு நிதி ஒதுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. மடிக்கணினி வழங்கும் செலவோடு ஒப்பிட்டால் அது மிகச் சிறிய தொகையாகவே இருக்கும்.

அந்த ஒன்பது வயதுச் சிறுமியின் முதல் வாரத்தை இப்படி அமைப்பேன். திங்களன்று `F`, `J` மட்டும். செவ்வாயன்று `D`, `K`. புதனன்று புதிதாக எதுவுமில்லை. வியாழனன்று `S`, `L`. வெள்ளியன்று `A` சேர்த்து `sad`, `ask`, `fall` போன்ற சொற்கள். ஒவ்வொரு நாளும் முதல் ஐந்து நிமிடம் துணிக்கடியில் மெதுவாக அடிப்பது, அடுத்த ஏழு நிமிடம் விளையாட்டு, மீதி நேரம் அவளே தேர்ந்த சொற்கள். நூறு அடிகளில் ஐந்துக்கு மேல் தவறினால் மறுநாள் புதிய விசை சேர்க்காமல் பழையதையே தொடர வேண்டும். தோள் உயர்ந்தாலோ, கை வலிக்கிறது என்றாலோ கால் மணி முடியும்வரை காத்திராமல் அங்கேயே நிறுத்தி, மறுநாள் இருக்கையின் உயரத்தை முதலில் பார்க்க வேண்டும்.