அரிய நோய்த் திட்டத்தின் 50 லட்சம்: எக்ஸோம் ரிப்போர்ட் எதற்கு, அதில் எதைப் பார்ப்பது?

மத்திய அரசின் அரிய நோய்களுக்கான தேசியக் கொள்கை 2021 மார்ச்சில் வந்தது. நோய்களை மூன்று தொகுதியாகப் பிரித்து, முதல் தொகுதிக்கு மட்டும் 20 லட்சம் ரூபாய் வரை உதவி என்று ஆரம்பித்தார்கள். 2022 மே மாதம் அதை மாற்றி, மூன்று தொகுதிக்கும் ஒரு நோயாளிக்கு 50 லட்சம் வரை என்று ஆக்கினார்கள். பணம் பெற்றோர் கைக்கு வராது. அரசு அறிவித்திருக்கிற உயர்சிறப்பு மையம் ஒன்றில் குழந்தையைப் பதிவு செய்து, அங்குள்ள மருத்துவர்கள் பார்த்து முடிவு செய்தபின் சிகிச்சைச் செலவாக அந்த மையத்துக்குப் போகும். தமிழ்நாட்டில் அந்த மையம் எழும்பூர் குழந்தைகள் நல மருத்துவமனை. டெல்லி எய்ம்ஸ், சண்டிகர் பிஜிஐ, லக்னோ எஸ்ஜிபிஜிஐ, பெங்களூரு மனித மரபியல் மையம் போன்றவையும் பட்டியலில் இருக்கின்றன.

இவ்வளவும் எங்கேயும் கிடைக்கிற தகவல்தான். பெற்றோர்கள் தடுமாறுவது இதற்கு அடுத்த இடத்தில். "எக்ஸோம் டெஸ்ட் எடுத்துட்டு வாங்க" என்று மரபணுப் பரிசோதனைக்கு அனுப்புகிறார்கள், சில வாரம் கழித்து பத்துப் பக்க ரிப்போர்ட் ஒன்று வருகிறது, அதில் என்ன எழுதியிருக்கிறது என்று வீட்டில் யாருக்கும் புரிவதில்லை. ஒரே ஒரு நோயை வைத்து இதைச் சொல்கிறேன், அப்போதுதான் விளங்கும்.

ஆஸ்டியோபெட்ரோசிஸ். முதல் தொகுதியில் இருக்கிறது, அதாவது ஒரு முறை சிகிச்சை செய்தால் குணமாக வாய்ப்புள்ள நோய்களின் வரிசையில். பழைய எலும்பைக் கரைக்கிற செல்கள் வேலை செய்யாததால் எலும்பு கெட்டியாகிக்கொண்டே போகும். கெட்டி என்றால் வலு என்று நினைக்க வேண்டாம், லேசாக அடிபட்டாலும் முறியும். உள்ளே மஜ்ஜைக்கு இடமில்லாமல் ரத்தசோகை வரும், கல்லீரலும் மண்ணீரலும் வீங்கும், மண்டையோட்டில் பார்வை நரம்பு போகிற துளை சுருங்கி முதல் சில மாதங்களிலேயே கண்பார்வை போக ஆரம்பிக்கும். குழந்தைப் பருவத்தில் வருகிற இந்தக் கடுமையான வகை ஏறக்குறைய இரண்டரை லட்சம் பிறப்பில் ஒன்று. சிகிச்சை எலும்பு மஜ்ஜை மாற்று. போன பார்வை அதனால் திரும்புவது அரிது, அதனால் சீக்கிரம் செய்ய வேண்டும்.

எக்ஸ்ரேயைப் பார்த்தாலே அனுபவமுள்ள மருத்துவர் நோயின் பெயரைச் சொல்லிவிடுவார். அப்புறம் எதற்கு மரபணுப் பரிசோதனை? எந்த மரபணு கெட்டிருக்கிறது என்பதைப் பொறுத்து மஜ்ஜை மாற்று பலிக்குமா இல்லையா என்பதே மாறுகிறது. TCIRG1 என்றால் பலன் உண்டு, பாதிக்கு மேற்பட்ட குழந்தைகளுக்குக் காரணம் அதுதான். OSTM1 என்றால் எலும்பு சரியாகும், மூளை தேய்வது நிற்காது. TNFSF11 என்றால் மாற்றியும் பயனில்லை, ஏனென்றால் குறை மஜ்ஜையிலிருந்து வருகிற செல்களில் இல்லை, அவற்றை உருவாக்கச் சொல்லும் சமிக்ஞை வேறு செல்களிலிருந்து வர வேண்டும், அதுதான் வரவில்லை. மூன்று குழந்தைகளின் எக்ஸ்ரேயும் கிட்டத்தட்ட ஒன்று போலவே இருக்கும். இத்தனை லட்சம் செலவுள்ள, உயிருக்கே ஆபத்துள்ள ஒரு சிகிச்சைக்கு முன் மருத்துவர்கள் அந்த ரிப்போர்ட்டைக் கேட்பது நியாயம்தான்.

சரி, கெட்ட மரபணு எது என்று எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? நம் மரபணுத் தொகுதியில் புரதம் செய்யக் குறிப்பு வைத்திருக்கிற பகுதி ஒன்றிரண்டு சதவீதம்தான், சுமார் 20,000 மரபணுக்கள். அதை மட்டும் படிப்பதுதான் எக்ஸோம். யாருடையதைப் படித்தாலும் பொது மாதிரியிலிருந்து இருபதாயிரத்துக்கு மேல் வேறுபாடுகள் வரும், உங்களுக்கும் எனக்கும் கூட. அவ்வளவிலும் ஒன்றோ இரண்டோதான் நோய்க்குக் காரணம், மற்றதெல்லாம் சும்மா இருப்பவை. ஆகவே வேலையெல்லாம் கழிப்பதில்தான்.

முதல் கழிவு பரவலை வைத்து. ஒரு மாறுபாடு மக்களிடம் எவ்வளவு பரவலாக இருக்கிறது என்று gnomAD போன்ற தரவுத்தளத்தில் பார்ப்பார்கள். அதன் நான்காவது பதிப்பில் எட்டு லட்சம் பேருக்கு மேல் இருக்கிறார்கள். கணக்கு எளிது. இந்த நோய் வர, மரபணுவின் அப்பாவிடமிருந்து வந்த பிரதியும் அம்மாவிடமிருந்து வந்த பிரதியும் இரண்டுமே கெட்டிருக்க வேண்டும். ஒரு மாறுபாடு நூறு பிரதியில் ஒன்றில் இருக்கிறது என்று வையுங்கள். இரண்டும் அதுவாக அமைவது நூறை நூறால் பெருக்கி, பத்தாயிரத்தில் ஒரு குழந்தை. நோயோ இரண்டரை லட்சத்தில் ஒன்று. அந்த மாறுபாடு காரணமாக இருந்திருந்தால் இந்த நோய் 25 மடங்கு அதிகமாக இருந்திருக்க வேண்டும். ஆகவே 1 சதவீதத்துக்கு மேல் பரவியவை எல்லாவற்றையும் பயமில்லாமல் கழிக்கலாம். இந்த ஒரு படியிலேயே இருபதாயிரம் சில நூறுகளாகக் குறைந்துவிடும். ஒரே பிரதி கெட்டாலே வருகிற நோய் என்றால் வரம்பு இன்னும் மிக இறுக்கமாக, பத்தாயிரத்தில் ஒன்று, அதற்கும் கீழே என்று போகும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. "gnomAD-இல் இல்லை" என்று ரிப்போர்ட்டில் எழுதியிருந்தால் உடனே அதுதான் காரணம் என்று அர்த்தமில்லை. அந்தத் தரவில் ஐரோப்பிய வம்சத்தார்தான் பெரும்பங்கு. நம்மூரில் தலைமுறை தலைமுறையாகத் தங்களுக்குள்ளேயே மணம் முடிக்கிற ஒரு சமூகத்தில் சாதாரணமாக இருக்கிற, தீங்கில்லாத மாறுபாடு அங்கே பதிவாகாமலே இருக்கலாம். இதற்காகத்தான் 1,029 பேரின் இந்திஜென் தரவு, சுமார் 10,000 பேரின் ஜீனோம் இந்தியா தரவு எல்லாம். இந்தியத் தரவோடு ஒப்பிட்டீர்களா என்று ஆய்வகத்தைக் கேட்பதில் தப்பே இல்லை.

அடுத்த கழிவு, நோய் குடும்பத்தில் இறங்குகிற முறையை வைத்து. ஒரு குழந்தையை எடுத்துக்கொள்வோம் (இது விளக்கத்துக்காக நான் அமைத்த குடும்பம்). நான்கு மாதம், அம்மா தாய்மாமனைக் கட்டியவர், முதல் குழந்தை, பெற்றோர் இருவருக்கும் ஒரு குறையும் இல்லை. தாய்மாமன் திருமணத்தில் பிறந்த குழந்தைக்கு மரபணுத் தொகுதியில் சராசரியாக எட்டில் ஒரு பங்கு இரண்டு பக்கமும் அச்சாக ஒரே பிரதியாக வரும். அத்தை மகன், மாமன் மகள் என்றால் பதினாறில் ஒன்று. அதனால் ஆய்வகம் முதலில் தேடுவது, குழந்தையிடம் இரட்டையாகவும் அப்பா, அம்மா ஒவ்வொருவரிடமும் ஒற்றையாகவும் இருக்கிற அரிய மாறுபாடுகளை. சில நூறு என்பது இப்போது பத்து, இருபதாகிவிடும். அதில் எலும்பு சம்பந்தமான மரபணு எது என்று பார்த்தால் இப்படி ஒரு வரி வரலாம்:

```
TCIRG1  Homozygous  gnomAD AF: 0.000008  Likely pathogenic
Father: Heterozygous   Mother: Heterozygous
```

பத்து லட்சம் பிரதியில் எட்டு என்கிற அளவு அரியது, குழந்தைக்கு இரட்டை, பெற்றோர் இருவரும் ஒற்றைச் சுமப்பாளர்கள். Likely pathogenic என்றால் நோய் தருவதாக இருக்க வாய்ப்பு அதிகம் என்று ஆய்வகம் மதிப்பிட்டிருக்கிறது. எல்லாம் பொருந்துகிறது.

இரண்டாவது வரியைக் கவனியுங்கள். பெற்றோர் ரத்தம் கொடுக்காவிட்டால் அது இருக்காது. செலவைக் குறைக்கக் குழந்தைக்கு மட்டும் எடுத்துவிட்டு, பிறகு தவிப்பவர்கள் நிறைய. சொந்தத்தில் மணம் முடிக்காத பெற்றோர் என்றால் அப்பாவிடமிருந்து ஒரு மாறுபாடு, அம்மாவிடமிருந்து வேறொரு மாறுபாடு என்று ஒரே மரபணுவில் இரண்டு வரலாம். அவை வேறு வேறு பிரதியில் இருந்தால்தான் நோய், இரண்டும் ஒரே பிரதியில் இருந்தால் மற்றது நல்லதாகவே இருக்கும். பெற்றோரைப் பார்க்காமல் பெரும்பாலும் இதைச் சொல்ல முடியாது. படிவத்தில் சொந்தத்தில் கல்யாணமா என்ற கேள்விக்குக் கூச்சப்பட்டு "இல்லை" என்று எழுதுபவர்களும் இருக்கிறார்கள். தயவுசெய்து உள்ளதை எழுதுங்கள், வடிகட்டுவதே அதை வைத்துத்தான். எக்ஸ்ரே, ரத்தசோகை, மண்ணீரல் வீக்கம் எல்லாம் மருத்துவர் படிவத்தில் எழுதினாரா என்றும் பாருங்கள். "வளர்ச்சிக் குறைவு" என்று ஒரே வரி போனால் ஆய்வகம் எந்த மரபணுவைத்தான் தேடும்?

இதே நோயில் CLCN7 என்று ஒரு மரபணு இருக்கிறது, அதுதான் குழப்பத்துக்குப் பேர்போனது. இரண்டு பிரதியும் கெட்டால் கடுமையான குழந்தைப் பருவ வகை, ஒன்று மட்டும் கெட்டால் பெரும்பாலும் பின்னாளில் வருகிற மிதமான வகை, சிலருக்கு ஒன்றுமே தெரியாமலும் போகும். நான்கு மாதக் குழந்தைக்குக் கடுமையான நோய், ரிப்போர்ட்டில் CLCN7-இல் ஒற்றை மாறுபாடு, அதே மாறுபாடு நன்றாக இருக்கிற அப்பாவிடமும் இருக்கிறது என்றால், விடை கிடைத்துவிட்டது என்று அங்கேயே நிறுத்தக் கூடாது. இரண்டாவது மாறுபாடு எக்ஸோமுக்குத் தெரியாத இடத்தில் இருக்கலாம், அல்லது காரணம் வேறு மரபணுவாகவே இருக்கலாம்.

எக்ஸோமுக்குத் தெரியாத இடம் என்பது கற்பனை இல்லை. TCIRG1-இல் புரதப் பகுதிகளுக்கு நடுவே, வெகு உள்ளே நோய் தரும் மாற்றங்கள் கண்டறியப்பட்டிருக்கின்றன, எக்ஸோம் அங்கே படிப்பதில்லை. ஆகவே "எதுவும் கிடைக்கவில்லை" என்று வந்தால் நோய் இல்லை என்று பொருளல்ல. முழு ஜீனோமோ ஆர்என்ஏ பரிசோதனையோ அடுத்த படி. VUS என்று வந்தால், தீங்கா இல்லையா என்று சொல்லப் போதிய ஆதாரம் இப்போதைக்கு இல்லை என்று மட்டும் அர்த்தம். அதை மட்டும் வைத்து மஜ்ஜை மாற்றை முடிவு செய்யவும் கூடாது, மறுக்கவும் கூடாது. பெற்றோர் பரிசோதனை விட்டுப் போயிருந்தால் அதைச் செய்வதும், ஓராண்டு கழித்து அதே தரவை மறுபடி அலசச் சொல்வதும் உதவும்.

பரிசோதனைக் கட்டணம் பற்றி. அந்த 50 லட்சம் சிகிச்சைக்கானது. மையங்களுக்குக் கருவிகள் வாங்கத் தனி மானியம் உண்டு, அதனால் வெளி ஆய்வகத்துக்குப் போகுமுன் மையத்திலேயே செய்ய முடியுமா என்று கேளுங்கள். மத்திய உயிரித் தொழில்நுட்பத் துறை நிதியில் ஹைதராபாத் சிடிஎஃப்டி ஒருங்கிணைக்கிற, குழந்தைகளின் அரிய மரபணு நோய்களுக்கான ஆய்வுத் திட்டம் ஒன்றும் இருக்கிறது. உங்கள் குழந்தையைச் சேர்க்க முடியுமா என்று மரபியல் மருத்துவரிடம் விசாரிக்கலாம்.

ரிப்போர்ட் வரட்டும் என்று எல்லாவற்றையும் நிறுத்தி வைக்காதீர்கள். அண்ணன், அக்கா இருந்தால் அவர்கள் மஜ்ஜை சேருமா என்று எச்எல்ஏ பொருத்தம் பார்ப்பது, கண் பரிசோதனை, மையத்தில் பதிவு மூன்றும் அதே வாரம் தொடங்கட்டும். ஒற்றைப் பிரதி மட்டும் கெட்ட உடன்பிறப்பும் மஜ்ஜை தரலாம். குழந்தைக்கு ரத்தம் ஏற்றியிருந்தால் அதை ஆய்வகத்திடம் சொல்லுங்கள். மரபணுப் பரிசோதனைக்கான ரத்தத்தை மஜ்ஜை மாற்றுக்கு முன்பே எடுத்துவிட வேண்டும், மாற்றியபின் ரத்தத்தில் இருப்பது கொடையாளியின் டிஎன்ஏ.

இந்தக் குடும்பத்தில் அடுத்த ஒவ்வொரு கர்ப்பத்திலும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு அதே நோய்க்கு உண்டு. 11 வாரம் ஆனபின் நஞ்சுக்கொடித் திசுவில் சிறிது எடுத்துப் பார்த்துவிடலாம், ஆனால் எந்த மாறுபாட்டைத் தேடுவது என்று முன்பே தெரிந்திருக்க வேண்டும். ரிப்போர்ட்டின் நகலைப் பத்திரமாக வைத்திருந்து, கர்ப்பம் உறுதியான உடனே மரபியல் மருத்துவரிடம் எடுத்துப் போங்கள்.