‘மீனவ நண்பா’ என்று கரையில் யாரும் கூப்பிடுவதில்லை

விழிப்புணர்வுப் பாடல்கள் எழுதித் தருவது என் தொழில். நாகர்கோவிலைச் சுற்றியுள்ள ஊர்களிலிருந்து பங்கு இளைஞர்கள், மகளிர் குழுக்கள், பள்ளி ஆசிரியர்கள் எனப் பலரும் வருவார்கள். பெரும்பாலும் வரிகளைத் தாங்களே எழுதிக்கொண்டு வந்து, “மெட்டில் உட்கார வைத்துத் தாருங்கள்” என்பார்கள். அந்தத் தாள்களில் முதல் வரி ஏறக்குறைய எப்போதும் ஒரே மாதிரி இருக்கும்: “மீனவ நண்பா”, “உழவர் தோழா”, “இளைஞனே”. கேட்பவரிடம் நேரடியாகப் பேச வேண்டும் என்ற ஆசை அதில் தெரிகிறது. ஆசை சரிதான். ஆனால் முட்டத்திலோ குளச்சலிலோ கடலுக்குப் புறப்படும் ஒருவரை அவருடைய வாழ்நாளில் யாரும் “மீனவ நண்பா” என்று கூப்பிட்டிருக்க மாட்டார்கள். அது வெளியூர்க்காரர் மேடையில் நின்று சொல்லும் சொல். அதைக் கேட்டதும் “இது நமக்கில்லை, பொதுவாகச் சொல்கிறார்கள்” என்று காது முடிவு செய்துவிடும். இலக்கணத்தில் முன்னிலையாக இருந்தாலும், காதில் அது படர்க்கைதான்.

வள்ளத்தில் போகிறவர்கள் லைஃப் ஜாக்கெட் போடுவதற்காகக் கடற்கரை ஊர் ஒன்றுக்கு எழுதிய பாடலை எடுத்துக்கொள்கிறேன். அந்த ஊர்க் குழுவினர் கொண்டுவந்த வரி இது:

மீனவ நண்பா, கேளாய் நீ
கடலில் செல்லும் போதெல்லாம்
உயிர்காப்புச் சட்டை அணிவாய் நீ
உன்குலம் காத்து வாழ்வாய் நீ

எதுகை, சந்தம் எல்லாம் பிறகு. முதலில் கேட்க வேண்டியது, இதைச் சொல்வது யார்? பாட்டில் ‘நீ’ வந்துவிட்டால், எழுதினாலும் எழுதாவிட்டாலும் அதற்குப் பின்னால் ஒரு ‘நான்’ நிற்கிறது. அந்த ‘நான்’ யாரென்று எழுதுபவர் முடிவு செய்யாமல் விட்டால், கேட்பவரே ஓர் அதிகாரியை அங்கே நிறுத்திவிடுவார். மேலே உள்ள நான்கு வரியிலும் அந்த அதிகாரிதான் பேசுகிறார்.

பேசுபவராக யாரை வைக்கலாம் என்று உட்கார்ந்து யோசித்தோம். மனைவி பேசட்டும் என்றார் ஒருவர், குழந்தை பேசட்டும் என்றார் இன்னொருவர். இரண்டும் கண்ணீர் வரவழைக்கும்; மறுக்கவில்லை. ஆனால் வீட்டில் இருப்பவர்கள் பேசினால் பாட்டு தானாகவே “நீ திரும்பி வராவிட்டால்” என்ற இடத்துக்குப் போய்ச் சேரும். விடியற்காலையில் வள்ளம் தள்ளப் போகிறவர் காதில் அதைப் போடக் கூடாது. கேட்க மாட்டார், அணைத்துவிடுவார். கடைசியில் கூட வரும் ஆளையே பேச வைத்தோம். அதே வள்ளத்தில் எஞ்சின் பிடிப்பவர், வயதில் கொஞ்சம் மூத்தவர். அவருக்கு அந்த ஜாக்கெட் ஏன் பலகைக்கடியில் கிடக்கிறது என்று தெரியும். அவரும் அதைப் போடாமல் போனவர்தான்.

பேசுபவர் முடிவானதும் விளிச்சொல் தானே வந்தது: மக்கா. இந்த மாவட்டத்தில் அந்தச் சொல்லுக்கு இருக்கும் வசதி வேறு எங்கும் கிடைக்காது. மூத்தவர் இளையவரைக் கூப்பிடலாம், கூட்டாளி கூட்டாளியைக் கூப்பிடலாம், ஆணையும் கூப்பிடலாம், பெண்ணையும் கூப்பிடலாம். தமிழ் வினையிலும் முன்னிலைக்கு ஆண் பெண் வேறுபாடு கிடையாது. ‘எடுத்தாய்’ என்பது இருவருக்கும் பொது. ‘தம்பி’ என்றோ ‘அண்ணா’ என்றோ கூப்பிட்ட மறுநிமிடம் கேட்பவர்களில் பாதிப் பேர் வெளியே போய்விடுகிறார்கள். ‘மக்களே’ என்பதையும் யோசித்தோம். எங்கள் ஊர்ப் பாட்டிகள் ஒரே ஒரு பேரனைப் பார்த்துப் பாசமாக ‘மக்களே’ என்பார்கள். ஆனால் ஒலிபெருக்கியில் ஆண் குரலில் வந்தால் அது தேர்தல் கூட்டம் போலக் கேட்கிறது. அதனால் விட்டுவிட்டோம்.

பல்லவி இப்படி அமைந்தது:

வலையை எடுத்தாய், எஞ்சின் பார்த்தாய், மக்கா – சோற்றுப்
பொதியும் எடுத்தாய், வாளியும் எடுத்தாய், மக்கா
பலகைக் கடியில் கிடப்பது என்ன, மக்கா – அதை
எடுத்து மாட்டு, எஞ்சினை முடுக்கு, மக்கா

இதில் ‘நீ’ என்ற சொல்லே இல்லை என்பதைக் கவனியுங்கள். ‘எடுத்தாய்’ என்ற விகுதிக்குள்ளேயே அது இருக்கிறது. ‘நீ’ நெடில், தாளத்தின் முதல் தட்டில் விழுந்தால் விரல் நீட்டுவது போல ஒலிக்கும். நான்கு வரியில் நான்கு ‘நீ’ வந்தால் கேட்பவர் குற்றவாளிக் கூண்டில் நிற்கிறார். விகுதியில் விட்டாலோ, ‘உன் வலை’, ‘உன் வாளி’ என்று அவருடைய பொருளோடு சேர்த்துவிட்டாலோ அதே முன்னிலை மென்மையாகிவிடும்.

இன்னொன்று, ஏவல் எங்கே வருகிறது என்பது. முதல் இரண்டு வரி அவர் ஏற்கெனவே செய்துவிட்டதைப் பார்த்துச் சொல்கிறது. மூன்றாவது கேள்வி. நான்காவதில்தான் ‘மாட்டு’ வருகிறது. கேட்பவர் மனத்தில் இரண்டு முறை “ஆமாம், எடுத்தேன்” என்று சொல்லிவிட்ட பிறகே அவரிடம் ஒன்றைக் கேட்கிறோம். ‘ஜாக்கெட்’ என்ற சொல்லையும் வேண்டுமென்றே விட்டோம். பலகைக்கடியில் கிடப்பது என்னவென்று அவருக்குத் தெரியும். அதை அவரே மனத்தில் சொல்லிக்கொள்கிறார். முன்னிலைப் பாட்டில் கேட்பவர் நிரப்ப ஓர் இடம் வேண்டும்.

சரணத்தில் அவருடைய மறுப்பை முதலில் சொல்லிவிட வேண்டும். இதைத்தான் பலரும் தவிர்க்கிறார்கள், பாட்டு அங்கேதான் பொய்யாகிறது. ஜாக்கெட் போடாதவர் சோம்பேறி அல்ல. வெயிலில் அது உடம்போடு ஒட்டிப் புழுங்கும். வலை இழுக்கும்போது வாரும் கொக்கியும் கண்ணியில் சிக்கும்.

வெயிலில் புழுங்கும், தெரியும் மக்கா
வலையில் சிக்கும், தெரியும் மக்கா
அலை புரட்டிய பின்னே வாரைத் தேடிக்
கட்டவா முடியும், சொல்லு மக்கா

‘தெரியும்’ என்று சொல்லும் உரிமை கூட வருகிற ஆளுக்கு உண்டு, அதிகாரிக்கு இல்லை. பேசுபவரை முதலிலேயே தேர்ந்ததன் பயன் இந்த இடத்தில்தான் தெரிந்தது.

இனி மரியாதை. கூம்பு ஒலிபெருக்கியில் ஊர் முழுக்கக் கேட்கும் பாட்டில், அறுபது வயதுப் பெரியவரை ‘மாட்டு’ என்று சொல்லலாமா என்ற கேள்வி ஒவ்வொரு முறையும் எழும். ‘நீங்கள்’ என்று மாற்றச் சொல்வார்கள். மாற்றிப் பாருங்கள்: ‘கட்டு’ இரண்டு அசை, ‘கட்டுங்கள்’ மூன்று. ‘கழற்றாதே’ மூன்று, ‘கழற்றாதீர்கள்’ நான்கு. வரி மெட்டிலிருந்து வழியும். பாடுபவர் அவசரமாக விழுங்குவார். ஏவல் இருக்கும் சொல்லே காதில் விழாது.

இதற்கு எங்கள் பக்கம் ஒரு வழி உண்டு. நாஞ்சில் நாட்டுப் பேச்சில் ‘நீர்’, ‘உமக்கு’, ‘கட்டும்’ இன்னும் உயிரோடு இருக்கின்றன. ‘கட்டும்’ இரண்டே அசை, மரியாதையும் இருக்கிறது. வயல் ஊர்களுக்கு எழுதும்போது தயங்காமல் பயன்படுத்துகிறேன். ஆனால் கடற்கரை ஊர்களில் வேண்டாம். அங்கே ஆலயத்தில் ஆண்டவரை ‘நீர்’, ‘உம்மை’, ‘உமக்கு’ என்றே பாடிப் பழகிய காதுகள். அதே சொற்கள் மெட்டோடு வந்தால் இரண்டாவது வரியிலேயே அது செபப் பாடலாகிவிடும். கேட்பவர் தன்னிடம் பேசுவதாக எண்ண மாட்டார்.

அந்த ஊரில் வேறு வழியை எடுத்தோம். வில்லுப்பாட்டில் புலவர் கூட்டத்தைப் பார்த்து அறிவுரை சொல்வதில்லை. பக்கப்பாட்டுக்காரரைப் பார்த்துச் சொல்வார், அவர் ‘ஆமா’ என்பார், கூட்டம் அதைக் கேட்டுக்கொண்டிருக்கும். நாங்களும் பின்பாட்டுக்கு ஓர் இளைஞனின் குரலைச் சேர்த்தோம். ‘சொல்லு மக்கா’ என்றதும் அவன் ‘முடியாது அண்ணே’ என்கிறான். இப்போது ‘மாட்டு’ என்பது அந்த இளைஞனிடம் சொல்வது. பெரியவருக்குக் குறைவில்லை, ஆனால் சொல் அவரையும் தொட்டுவிடுகிறது. கைப்பேசியில் தனியாகக் கேட்பதற்கான பதிவில் இந்தப் பின்பாட்டைச் சேர்க்கவில்லை. காதுக்குள் ஒரே குரல் பேசும்போது ‘மக்கா’ உறுத்துவதில்லை.

ஒரு விஷயத்தில் நான் பிடிவாதமாக இருந்தேன். குழுவினர் ஒக்கிப் புயலைச் சரணத்தில் சேர்க்க விரும்பினார்கள். “எச்சரிக்கை நீ கேட்டிருந்தால்” என்று ஒரு வரியும் வைத்திருந்தார்கள். 2017 நவம்பர் 30 அன்று அந்தப் புயல் இந்தக் கரையைத் தாக்கியபோது ஆழ்கடலில் இருந்தவர்களில் பலர், எச்சரிக்கை வெளியாகும் முன்பே புறப்பட்டுப் போனவர்கள். அவர்கள் கேட்காமல் போகவில்லை, அவர்களுக்குச் சொல்லப்படவில்லை. ‘கேட்டிருந்தால்’ என்பது முன்னிலையில் வரும்போது இறந்தவர் மீதே பழி விழுகிறது, அதை அவர் வீட்டார் வாசலில் உட்கார்ந்து கேட்பார்கள். முன்னிலைப் பாட்டில் ‘-இருந்தால்’ என்று முடியும் எந்த வரியையும் ஒருமுறைக்கு இருமுறை பாருங்கள். நடந்து முடிந்ததைப் பற்றி ‘நீ’ என்று பேசினால் அது பெரும்பாலும் குற்றச்சாட்டுதான்.

எழுதி முடித்த பாட்டைச் சோதிக்க நான் செய்வது இது. மெட்டில்லாமல், ஒரே ஒருவரை எதிரில் உட்கார வைத்து, அவர் கண்ணைப் பார்த்து வரிகளைச் சொல்வேன். எந்த வரியில் என் கண் தானாக விலகுகிறதோ, அந்த வரி அவரிடம் சொன்னதில்லை. பெரும்பாலும் அங்கே ‘நீ’ நழுவி ‘மீனவர் வாழ்வு’ என்றோ ‘நாம்’ என்றோ ஆகியிருக்கும். கரையில் நிற்கும் நான் கடலில் போகிறவரோடு சேர்த்து ‘நாம்’ என்று பாடினால் அதுவும் பொய்.

அப்படிச் சொல்லிக் காட்டியபோது ஒருவர் கேட்டார்: “எங்கள் வள்ளத்தில் ஆறு பேர், ஜாக்கெட் மூன்றுதான் இருக்கிறது. அதிலும் ஒன்றில் கொக்கி உடைந்திருக்கிறது. யாரிடம் மாட்டச் சொல்கிறீர்கள்?” நியாயமான கேள்வி. செய்ய முடியாதவரிடம் ‘செய்’ என்று பாடுவது கொடுமை. ஆகவே இரண்டாவது சரணத்தில் பேசுபவர் திரும்பி வள்ளத்தின் உரிமையாளரைப் பார்க்கிறார். விளியை மாற்றினோம், கேள்வியையும் மாற்றினோம்:

எத்தனை பேரை ஏற்றுகிறாய், முதலாளி – அதில்
எத்தனை பேருக்கு வாங்கி வைத்தாய், முதலாளி
எண்ணிப் பார்த்து அனுப்பிவிடு, முதலாளி

இங்கே ‘ஏற்றுகிறாய்’ என்பது மரியாதைக் குறைவு என்று குழுவில் இருவர் சொன்னார்கள். ‘ஏற்றுகிறீர்’ என்று மாற்றுவதா, அப்படியே விடுவதா என்பதை, அந்த ஊரில் வள்ளம் வைத்திருக்கும் இரண்டு பேர் முன்னால் பாடிக் காட்டி அவர்கள் முகத்தைப் பார்த்து முடிவு செய்யச் சொல்லியிருக்கிறேன்.