ஒரு குவார்ட்டர் இறங்க எவ்வளவு நேரம் ஆகும்?

ஊர்த் திருவிழா இரவில் குடித்துவிட்டு வண்டி ஓட்டுவதைத் தடுக்க ஃப்ளெக்ஸ் வைக்கப் போகிறோம், புத்தி சொல்வது போல இல்லாமல், ஆனால் அழுத்தமாக ஒரு வரி வேண்டும் என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். 'குடி குடியைக் கெடுக்கும்' என்பதை எல்லோரும் சின்ன வயதிலிருந்தே படித்துவிட்டோம், இனி அது கண்ணில் படாது. குடிப்பவருக்குத் தெரியாத ஒன்றைச் சொன்னால்தான் அவர் நின்று படிப்பார். அப்படி ஒரு விஷயம் கல்லீரலில் இருக்கிறது.

குடித்த மது வயிற்றிலும் சிறுகுடலிலும் உறிஞ்சப்பட்டு ரத்தத்தில் கலக்கிறது, மூளையை மந்தமாக்குகிறது. இதெல்லாம் பள்ளியில் படித்ததுதான். எனக்குப் பிடித்த இடம் அது வெளியேறும் வழி.

காய்ச்சலுக்குப் போடும் பாராசிட்டமாலை எடுத்துக்கொள்ளுங்கள். ரத்தத்தில் நிறைய இருந்தால் கல்லீரல் வேகமாகக் கழிக்கும், குறைந்தால் மெதுவாகக் கழிக்கும். இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை இருப்பது பாதியாகும். மது அப்படி இல்லை. அதைச் சிதைக்கும் ஆல்கஹால் டீஹைட்ரஜனேஸ் என்ற நொதி, ரத்தத்தில் கொஞ்சம் மது சேர்ந்ததுமே முழு வேகத்துக்குப் போய்விடும். அதற்கு மேல் எவ்வளவு குடித்தாலும் வேகம் கூடாது. ஒரே தராசு உள்ள ரேஷன் கடையில் பத்து பேர் நின்றாலும் நூறு பேர் நின்றாலும் எடை போடும் வேகம் ஒன்றுதானே, அது மாதிரி. இந்த நொதி வேலை செய்ய NAD⁺ என்ற துணை மூலக்கூறு வேண்டும். ஒவ்வொரு மது மூலக்கூறைச் சிதைக்கும்போதும் ஒரு NAD⁺, NADH ஆக மாறுகிறது. அதை செல் திரும்பப் பழைய நிலைக்குக் கொண்டுவந்தால்தான் அடுத்த மூலக்கூறுக்குப் பயன்படும். வேகத்தைக் கட்டிப்போடுவதில் இதற்கும் பங்கு உண்டு.

ஆக, 100 மில்லி ரத்தத்தில் இருக்கும் மது மணிக்கு சுமார் 15 மில்லிகிராம் குறையும். ஆளுக்கு ஆள் 10 முதல் 25 வரை மாறலாம், தினமும் குடிப்பவருக்குக் கொஞ்சம் கூடுதல். மோர், கட்டங்காப்பி, குளிர்ந்த நீர்க் குளியல், தலையில் எலுமிச்சம்பழம் தேய்ப்பது, எதுவும் அந்த நொதியைத் தொடுவதில்லை. காப்பி தூக்கத்தைக் கலைக்கும், அவ்வளவுதான். எலுமிச்சை போதையைத் தெளிய வைக்கும் என்ற நம்பிக்கை ஆபத்தானது, ஏனென்றால் அதை நம்பித்தான் பலர் சாவியை எடுக்கிறார்கள்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். 70 கிலோ எடையுள்ள ஒருவர் இரவு 9 மணிக்கு ஒரு குவார்ட்டர் பிராந்தியைத் தொடங்கி வேகமாக முடிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். 180 மில்லி, 42.8 சதவீதம். அதில் தூய மது சுமார் 60 கிராம். 1930களில் ஸ்வீடன் விஞ்ஞானி எரிக் விட்மார்க் தந்த சூத்திரப்படி இது ரத்தத்தில் 100 மில்லிக்கு சுமார் 125 மில்லிகிராம் வரை போகும். வாணவேடிக்கை முடியும் 12 மணிக்கு 80. நம் சட்டத்தின் வரம்பு 30. அந்த அளவுக்கு இறங்க அதிகாலை 3.30 ஆகும், முழுதாகப் போக விடிந்துவிடும். ஒல்லியானவருக்கும் பெண்களுக்கும் இன்னும் நேரம் பிடிக்கும்.

இதைவிட மோசமானது, அந்த 12 மணிக்கு அவருக்குத் 'தெளிஞ்சிடுச்சு' என்றே தோன்றும். போதை ஏறும்போது 80இல் தள்ளாடுகிற அதே ஆள், இறங்கும்போது 80இல் நிதானமாக உணர்வார். 1919இல் பிரிட்டிஷ் விஞ்ஞானி எட்வர்ட் மெலன்பி இதை நாய்களிடம் கவனித்தார், மனிதர்களிடமும் அப்படித்தான். உணர்வுதான் முதலில் சரியாகிறது. சட்டென்று பிரேக் பிடிப்பதும், ஆபத்தை எடை போடுவதும் அந்த அளவுக்குத் திரும்புவதில்லை. அதனால் 'நீங்கள் ஓட்டும் நிலையில் இருக்கிறீர்களா?' என்று நள்ளிரவில் கேட்கும் எந்த வாசகமும் வீண். பதில் சொல்ல வேண்டிய மூளையே பழுதாகி இருக்கிறது. முடிவு முதல் மடக்குக்கு முன்னால் எடுக்கப்பட வேண்டும். எனவே என் வரி:

'குடிக்கப் போறியா? முதல்ல சாவியைக் கொடு. ஒரு குவார்ட்டர் இறங்க விடியணும்.'

இதில் குடிக்காதே என்று இல்லை, குடும்பம், கண்ணீர், மண்டையோடு எதுவும் இல்லை. ஒரு வேலையும் அதற்கான காரணமும் மட்டும். ஃப்ளெக்ஸை மேடைக்குப் பக்கத்தில் கட்டாமல் வண்டி நிறுத்தும் இடத்தில் கட்டுங்கள். அங்கேயே சாவி வாங்கி வைக்கக் குடிக்காத ஒருவர் காலை ஆறு மணி வரை உட்கார வேண்டும். திருவிழாக் குழுவிடம் பணம் மிச்சமிருந்தால் இரண்டாவது ஃப்ளெக்ஸுக்குச் செலவழிக்காமல், இரவு முழுக்க ஆட்களை வீட்டில் கொண்டுவிட ஒரு ஷேர் ஆட்டோவுக்குக் கொடுங்கள்.