பிளஸ் 20 காட்டும் ஐவரை உடனே நம்பிவிடாதீர்கள்

கூடைப்பந்து அணிகளுக்குப் புள்ளிவிவரம் பார்த்துக் கொடுப்பது என் வேலை. சீசன் பாதி தாண்டியதும் யாராவது ஒருவர் சேர்ந்து ஆடும் ஐவர் சேர்க்கைகளை வரிசைப்படுத்திய லைன்அப் பட்டியலின் முதல் வரியைக் காட்டி, "இந்த அஞ்சு பேர் சேர்ந்தா பிளஸ் 20 வருதே, ஏன் இவங்களை அதிகமா இறக்கக் கூடாது?" என்று கேட்பார்.

அந்த 20 எப்படி வருகிறது? பந்து ஓர் அணியின் கைக்கு வந்து எதிரணிக்குப் போகும்வரை ஒரு பொசஷன்; நடுவில் தவறித் திரும்பும் தன் ஷாட்டை, அதாவது ரீபவுண்டை, தானே பிடித்தாலும் அதே பொசஷன்தான். 100 பொசஷனுக்கு எடுத்த புள்ளிகளிலிருந்து கொடுத்த புள்ளிகளைக் கழித்தால் நெட் ரேட்டிங்.

ஒரு மாதிரிக் கணக்கு போடுவோம். இந்த ஐவரும் சேர்ந்து ஆடியது இரு பக்கமும் 100 பொசஷன் மட்டுமே, அதாவது என்பிஏ வேகத்தில் ஏறக்குறைய ஒரு முழு ஆட்டத்தின் நேரம். எடுத்தது 118, கொடுத்தது 98. இப்போது தூரத்திலிருந்து எறிந்து மூன்று புள்ளி எடுக்கும் த்ரீ பாயிண்டர்களைத் தனியாகப் பிரித்துப் பாருங்கள். எதிரணி 35 எறிந்து 8 தான் போட்டிருக்கிறது, நம்மவர்கள் 35-இல் 15. வழக்கமான 36 சதவீதம் என்றால் இரு பக்கமும் 12 அல்லது 13 விழுந்திருக்க வேண்டும். தவறிய ஷாட்டில் சில ரீபவுண்டாகி மறுபடி புள்ளியாவதையும் கழித்துவிட்டுப் பார்த்தால், எதிரணி சுமார் 12 புள்ளி கூடுதலாக எடுத்திருக்கும், நமக்குச் சுமார் 6 குறைந்திருக்கும். பிளஸ் 20 பிளஸ் 2 ஆகிவிட்டது, ஆட்டத்தில் வேறு எதுவுமே மாறாமல்!

எதிரணி எத்தனை த்ரீ எறிகிறது என்பதைத் தடுப்பாட்டம் ஓரளவு கட்டுப்படுத்தும். எறிந்தது விழுமா என்பது பெரும்பாலும் அதன் கையில் இல்லை. 100 பொசஷனில் நெட் ரேட்டிங் அதிர்ஷ்டத்தால் மட்டுமே 15, 16 புள்ளி இப்படியோ அப்படியோ ஆடுவது சாதாரணம், 400 பொசஷனிலும் அது 8 அளவுக்கு இருக்கும். அப்புறம், ஓர் அணி சீசனில் நூற்றுக்கணக்கான ஐவர் சேர்க்கைகளை இறக்கிப் பார்க்கிறது. அதில் உச்சியில் நிற்பது திறமையும் அதிர்ஷ்டமும் ஒன்றாகக் கூடிவந்த சேர்க்கையாகத்தான் இருக்கும், அதனால் அடுத்த மாதம் அது கீழே இறங்குவதில் வியப்பில்லை.

எதிரில் யார் ஆடினார்கள் என்பதையும் பாருங்கள். முடிவு தெரிந்துபோன கடைசி நிமிடங்களில் எதிரணி பெஞ்ச் வீரர்களை வைத்து ஆடியிருந்தால் அந்தப் பொசஷன்களை நான் கணக்கிலேயே சேர்ப்பதில்லை.

மீதியை அணியின் சராசரி பக்கம் இழுத்துவிடுவேன். அணி சராசரி பிளஸ் 2 என்றால், அந்த 100 பொசஷனோடு சராசரியில் ஆடிய 900 பொசஷனைக் கற்பனையாகச் சேர்க்கிறேன். பிளஸ் 20 அப்போது பிளஸ் 3.8 ஆகிறது. கோச்சுக்கு நான் எழுதிக்கொடுப்பது அந்த எண்ணைத்தான், பக்கத்திலேயே எத்தனை பொசஷன் என்பதையும் சேர்த்து.