டைல்ஸ் மதிப்பீடு: நீங்கள் விலை கேட்பது எந்தச் சதுர அடிக்கு?

கடைசி வரிசைக்கு மூன்று டைல்ஸ் குறைகின்றன, கடையில் இப்போது இருக்கும் சரக்கு நிறம் மாறி நிற்கிறது, என்ன செய்யலாம் என்று கேட்டு இந்த வாரமும் ஒருவர் வந்தார். தரையைப் பதித்து முடிக்கும் தறுவாயில் வரும் இந்தக் கேள்விக்கு நல்ல பதில் எதுவும் கிடையாது. வாங்குவதற்கு முன் கேட்டிருந்தால், ஒரு தாளும் பென்சிலும் போதுமாக இருந்திருக்கும்.

அவர் செய்தது எல்லோரும் செய்வதுதான். அறையின் நீளத்தை அகலத்தால் பெருக்கி, சேதாரத்திற்குப் பத்து சதவீதம் கூட்டி, வந்த சதுர அடிக்கு டைல்ஸ் எடுத்துவிட்டார். இந்தப் ‘பத்து சதவீதம்’ எங்கிருந்தோ வந்து எல்லார் வாயிலும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. சேதாரம் என்பது சதவீதத்தில் பிறப்பதில்லை. அறையின் அளவை டைலின் அளவால் வகுத்தபின் சுவரோரம் எவ்வளவு மிச்சம் நிற்கிறது என்பதிலிருந்தே அது பிறக்கிறது.

அவருடைய அறையையே எடுத்துக்கொள்வோம். அது 11 அடிக்கு 13 அடி, அதாவது 143 சதுர அடி. மில்லிமீட்டரில் சொன்னால் அகலம் 3353, நீளம் 3962. டைல் ‘இரண்டுக்கு இரண்டு’ என்று விற்கப்படுவது. அதன் உண்மையான அளவு 600 மி.மீ. இரண்டு மி.மீ இடைவெளியையும் சேர்த்தால் ஒரு டைலுக்கு 602. அகலவாக்கில் ஐந்து முழு டைல்ஸ் போனபின் 343 மி.மீ மிஞ்சுகிறது, நீளவாக்கில் ஆறு போனபின் 350 மிஞ்சுகிறது. இரண்டுமே பாதி டைலைவிட அதிகம் என்பதைக் கவனியுங்கள். அப்படியென்றால் வெட்டப்படும் ஒவ்வொரு டைலிலிருந்தும் ஒரே ஒரு துண்டுதான் தரைக்குக் கிடைக்கும். மீதித் துண்டு இன்னொரு இடைவெளியை நிரப்பாது. ஆகவே ஆறு பத்திகளும் ஏழு வரிசைகளுமாக 42 டைல்ஸ் வேண்டும். உடைவதற்கு நாம் இன்னும் ஒன்றுகூட ஒதுக்கவில்லை.

பத்து சதவீதக் கணக்கு என்ன சொல்கிறது? 143 உடன் பத்து சதவீதம் கூட்டினால் 157 சதுர அடி. நான்கு டைல்ஸ் உள்ள பெட்டியைக் கடைக்காரர் 16 சதுர அடி என்று எண்ணுவதால், பத்துப் பெட்டிகள், அதாவது 40 டைல்ஸ் போதும் என்று வருகிறது. வெட்டும்போது ஒன்று உடைந்தது, மூன்று குறைந்தது. இதில் பதித்தவரைக் குறை சொல்ல எதுவுமில்லை.

இங்கே இன்னொரு ஓட்டையும் இருக்கிறது. 600 மி.மீ டைல் ஒன்றின் பரப்பு 3.87 சதுர அடிதான், நான்கு அல்ல. பெட்டியின் மேல் 1.44 சதுர மீட்டர் என்று அச்சிட்டிருப்பார்கள், அது 15.5 சதுர அடி. பதினாறுக்குப் பணம் கொடுத்துப் பதினைந்தரையை வீட்டுக்குக் கொண்டு வருகிறோம். தொழிலில் இருப்பவர்களுக்கு இது பழகிப்போன விஷயம் என்பதால் யாரும் எடுத்துச் சொல்வதில்லை.

எனவே அந்த அறைக்கு வாங்கியிருக்க வேண்டியது 11 பெட்டிகள். சதுர அடி விலை 100 என்று வைத்தால், 176 சதுர அடிக்கான 17,600-ஐத் தரையின் 143-ஆல் வகுக்க வேண்டும்: 123 வருகிறது. கடையில் நூறு என்று கேட்ட டைல், தரையில் படுக்கும்போது 123 ஆகிவிடுகிறது. இரண்டு கடைகளின் விலையை ஒப்பிடுவதற்குமுன் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். அறையின் அகலம் மூன்று அங்குலம் குறைவாக, 10 அடி 9 அங்குலமாக இருந்திருந்தால் மிச்சம் 267 மி.மீ ஆகும், ஒரே டைலில் இரண்டு துண்டுகள் வந்து, 39 டைல்ஸிலேயே வேலை முடிந்திருக்கும். எந்தச் சதவீதத்தாலும் இந்த வித்தியாசத்தைக் காட்ட முடியாது.

வெட்டியதெல்லாம் வீண் என்றும் நினைக்க வேண்டாம். அந்த அறையில் மிஞ்சும் துண்டுகள் ஏறத்தாழ 250 மி.மீ அகலம் உள்ளவை. சுவரின் அடியோரம் ஒட்டும் நான்கு அங்குல ஸ்கர்ட்டிங் ஒவ்வொன்றிலும் இரண்டு எடுக்கலாம். வாசலைக் கழித்தால் தேவைப்படும் 45 அடியும் அதிலேயே கிடைத்துவிடும். இரண்டில் ஒன்றின் மேல் விளிம்பை மட்டும் தேய்த்து மழுக்க வேண்டியிருக்கும். ஸ்கர்ட்டிங்குக்குத் தனியாகப் பெட்டி கேட்கும் மதிப்பீடு வந்தால், மிச்சத் துண்டுகள் எங்கே போகின்றன என்று தயங்காமல் கேளுங்கள்.

ஒட்டுப்பசைக்கு வருவோம். மூட்டையின் மேல் இத்தனை சதுர அடி என்று போட்டிருப்பது மட்டமான தரையில் 3 மி.மீ கனத்துக்கு. ஒரு மி.மீ கனத்துக்குச் சதுர மீட்டருக்குச் சுமார் ஒன்றரைக் கிலோ தூள் பிடிக்கும். அந்த அறை 13.3 சதுர மீட்டர், 3 மி.மீ என்றால் 60 கிலோ, அதாவது 20 கிலோ மூட்டைகள் மூன்று. தரை பள்ளமும் மேடுமாக இருந்து சராசரிக் கனம் 6 மி.மீ ஆகிவிட்டால் மூட்டைகள் ஆறு. பசையால் மட்டம் செய்வது செலவு மட்டுமல்ல, தவறும்கூட. கனமாகப் போட்ட இடத்தில் பசை காயும்போது சுருங்குவதால் டைல் இறங்கி, பக்கத்து டைலுடன் விளிம்பு தட்டும். நீண்ட நேர்க்கோலைத் தரையில் வைத்து, அடியில் எவ்வளவு இடைவெளி தெரிகிறது என்று பார்த்தபின் மூட்டைகளை எண்ணுங்கள்.

கூலி பதித்த பரப்புக்கு, வாங்கிய பரப்புக்கு அல்ல. ஸ்கர்ட்டிங் ஓட்ட அடிக் கணக்கில் தனி. டைல்ஸ் இடைவெளியில் கிரவுட் நிரப்புவதும் பொருட்களை மேல்மாடிக்கு ஏற்றுவதும் கூலிக்குள் அடக்கமா என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். வேலை பாதியில் இருக்கும்போது பேரம் பேசும் பலம் உங்களிடம் இருக்காது.

பழைய தரையைப் பெயர்ப்பதைத்தான் எல்லோரும் ஒற்றை வரியில் எழுதுகிறார்கள், எனக்குப் பொறுமை போவதும் இங்கேதான். 10 மி.மீ டைலும் அதன் அடியில் 50 மி.மீ கலவையும் என்றால், அந்தச் சின்ன அறையிலிருந்தே 0.8 கன மீட்டர், ஏறக்குறைய ஒன்றரை டன் இடிபாடு வெளியேற வேண்டும். உடைந்தபின் அது ஒன்றரை மடங்கு இடத்தை அடைக்கும். ‘பெயர்க்கும் கூலி’ என்று எழுதியிருந்தால் அதை மூட்டை கட்டி இறக்குவதும் வண்டியில் ஏற்றி அப்புறப்படுத்துவதும் அதில் இல்லை என்றே எண்ணிக்கொள்ளுங்கள். பெயர்த்தபின் தரை 60 மி.மீ தாழ்ந்து கிடக்கும். பக்கத்து அறையின் மட்டத்துக்கு அதை மறுபடி உயர்த்த 50 மி.மீ கலவை போட வேண்டும். சிமெண்ட் ஒன்றுக்கு மணல் ஆறு என்ற கலவையில் 50 கிலோ சிமெண்ட் மூட்டைகள் நான்கும் அதற்கேற்ற மணலும் ஒரு தனிக் கூலியும் பிடிக்கும். இந்த வரி இல்லாத மதிப்பீடுகளே என் மேசைக்கு அதிகம் வருகின்றன.

அடியில் எவ்வளவு கனம் இருக்கிறது என்பதை மேலிருந்து யாராலும் சொல்ல முடியாது. ஆகையால் தயவுசெய்து, ஒப்பந்தம் பேசுவதற்கு முன் மூலையில் ஒரு பழைய டைலைப் பெயர்த்துக் கலவையை அளந்துகொள்ளுங்கள். பெயர்ப்பது, அப்புறப்படுத்துவது, மட்டம் ஏற்றுவது ஆகிய மூன்றுக்கும் தனித்தனி வரியில் விலை கேளுங்கள். டைல்ஸ் வந்திறங்கியதும் எல்லாப் பெட்டிகளிலும் நிற எண்ணும் அளவு எண்ணும் ஒன்றாக இருக்கின்றனவா என்று பார்த்த பிறகே முதல் பெட்டியைத் திறக்க விடுங்கள். மிஞ்சும் இரண்டு டைல்ஸைக் கடைக்குத் திருப்பித் தராதீர்கள். அதே நிறத்தில் பின்னாளில் ஒன்று வேண்டியிருந்தால், அவற்றைத் தவிர வேறு எங்கும் கிடைக்காது.