டாஸ்: பந்துச் சுழற்சியா, எறிதலா, ஏந்தி விடுதலா?

எங்கள் டென்னிஸ் கிளப் மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் இருக்கிறது. ஒரு காலத்தில் துரைமார் மட்டும் ஆடிய கோர்ட், இப்போது கிராணி, லாரி ஓட்டுநர், பள்ளி ஆசிரியர் என்று நாங்கள் ஆடுகிறோம். போன மாதம் அங்கே ஒருவர் தமிழில் பயிற்சித் தாள் ஒன்றை அடித்துக் கொடுத்தார். செர்வ் பற்றி மூன்று சொற்கள் அதில்: பந்துச் சுழற்சி, கண்டப் பிடி, இயக்கச் சங்கிலி. முதல் சொல்லை அதற்கு முன்பும் நாலைந்து தடவை கேட்டுப் பல்லைக் கடித்துக்கொண்டவன் நான். இந்தத் தடவை விட மனசில்லை, ஏனென்றால் அந்தச் சொல் எங்கள் கிராணி மாமாவின் செர்வைக் கெடுத்தே விட்டது.

செர்விற்குப் பந்தைக் கையால் மேலே போடுவதை ஆங்கிலத்தில் டாஸ் என்பார்கள். அந்த டாஸ் எப்படிச் சுழற்சி ஆனது? கிரிக்கெட்டில் காசைச் சுண்டிப் போடுவதற்கு நம் செய்திகளில் 'நாணயச் சுழற்சி' என்று எழுதுகிறார்கள். காசு சுழல்கிறது, சரி. யாரோ ஒருவர் அங்கிருந்து 'டாஸ் என்றால் சுழற்சி' என்று மனசில் குறித்துக்கொண்டு டென்னிஸுக்கும் அதையே எடுத்துப் போட்டுவிட்டார். ஆங்கிலத்தில் ஒரே சொல்தான். லேசாக மேலே போடுவது என்ற பொருளில் பதினாறாம் நூற்றாண்டு வாக்கில் புழக்கத்துக்கு வந்தது, வேர் ஸ்காண்டிநேவிய மொழிகளில் இருக்கலாம் என்று ஊகிக்கிறார்கள், அவ்வளவுதான். ஆனால் காசை மேலே போடும்போது அது சுழலாவிட்டால் மோசடி என்பார்கள். செர்விற்குப் பந்தை மேலே போடும்போது அது சுழன்றால்தான் தப்பு. ஒரே சொல்லுக்குள் இருக்கும் இந்த இரண்டு செயல்களும் ஒன்றுக்கொன்று நேர் எதிர்.

கிராணி மாமாவுக்கு ஐம்பத்திரண்டு வயது, உயரம் 168 சென்டிமீட்டர், நல்ல ஃபோர்ஹாண்ட். செர்வ் மட்டும் தள்ளுவண்டி. தாளில் 'பந்துச் சுழற்சி' என்று படித்ததும், "ஓஹோ, விரலால் ஒரு சுற்று கொடுக்கணும் போல" என்று நினைத்து, மணிக்கட்டை மடக்கி, விரல் நுனியில் உருட்டி விட ஆரம்பித்தார். மணிக்கட்டு மடங்கினால் பந்து நேராக மேலே போகாது, தலைக்குப் பின்னால் போய்விடும். அவர் முதுகை வில்லாக வளைத்து, முழங்கையை மடக்கி, பின்னால் போன பந்தைத் தேடி அடித்தார். பத்தில் எட்டு நெட்டைத் தாண்டி எங்கோ போனது, மீதி இரண்டு நெட்டிலேயே விழுந்தது.

சரி, சுழற்சி வேண்டாம், 'எறிதல்' என்று வைத்துக்கொள்ளலாமே என்று தாள் எழுதியவரே ஒரு படி இறங்கி வந்தார். இதையும் என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. தமிழில் எறிவது என்றால் ஒரு குறி இருக்கும், வேகம் இருக்கும், தோளைப் பின்னால் இழுத்து விசையோடு விடுவது இருக்கும். கல் எறிகிறோம், ஈட்டி எறிகிறோம், குப்பையை எறிகிறோம். 'வீசு' என்றாலும் அதே கதைதான், காற்று வீசுகிறது, வலை வீசுகிறோம். 'எறி' என்று கட்டளை கேட்டவன் முழங்கையை மடக்காமல் இருக்கவே மாட்டான், அது அந்தச் சொல்லோடு கூடவே வரும் பழக்கம். எறிந்தால் உயரமும் கைக்கு அடங்காது. மாமா தன் ராக்கெட்டை முழுக்க நீட்டிப் பந்தைத் தொடக்கூடிய உயரம் சுமார் 2.5 மீட்டர். அவர் எறிந்த பந்து போனது ஏறக்குறைய 4 மீட்டர். உச்சியிலிருந்து 1.5 மீட்டர் விழுந்த பிறகு அடிக்கிறார், அப்போது பந்து வினாடிக்கு 5 மீட்டருக்கும் மேலான வேகத்தில் இறங்கிக்கொண்டிருக்கும். அதே பந்து 3 மீட்டர் மட்டும் போயிருந்தால் அரை மீட்டர்தான் விழும், வேகமும் சுமார் 3 மீட்டராகக் குறையும். மெதுவாக இறங்குகிற பந்தை அடிப்பதில் நேரக் கணக்கு தப்புவது குறைவு, அவ்வளவுதான் விஷயம்.

இன்னொரு நண்பர், தூய தமிழ் ஆர்வலர், 'அம்மானை' என்று சொல்லிப் பார்த்தார். பெண்பால் பிள்ளைத்தமிழில் அம்மானைப் பருவம் உண்டு, பந்துகளை மேலே போட்டுப் பிடிக்கிற ஆட்டம். கேட்க அழகுதான். ஆனால் அது பிடிப்பதற்காகப் போடுவது, இங்கே அடிப்பதற்காகப் போடுகிறோம். சொல்லைக் கேட்டதும் எங்கள் பையன்கள் சிரிப்பார்கள், பந்தை எப்படி விடுவது என்று கற்றுக்கொள்ளமாட்டார்கள். பழஞ்சொல் என்பதற்காக மட்டும் ஒரு சொல்லை எடுத்துக்கொள்ள நான் தயாரில்லை.

நான் வைக்கும் சொல் 'ஏந்தி விடுதல்'. சுருக்கமாக வேண்டுமானால் 'ஏந்தல்'. ஏந்து என்றால் கையில் தாங்குவது, உயர்த்துவது. ஏந்தல் என்ற பெயர்ச்சொல்லுக்கு உயர்ச்சி என்றும், உயர்ந்தோன், அரசன் என்றும் பொருள் உண்டு. (மாமாவிடம் இதைச் சொன்னபோது, "அப்ப நான் ஏந்தல்தான்" என்று மார்பைத் தட்டிக்கொண்டார்.) கையேந்துகிறோம், தீபம் ஏந்துகிறோம், குழந்தையைக் கையில் ஏந்துகிறோம். இவை எதிலும் மணிக்கட்டு வெட்டாது. கை முழுதும் தோளிலிருந்து ஒரே துண்டாக உயர்கிறது. பந்தை விடும் கைக்கு வேண்டியது அச்சாக இதுதான்.

வேடிக்கை என்னவென்றால், பன்னாட்டு டென்னிஸ் கூட்டமைப்பின் விதிப்புத்தகமே என் பக்கம்தான் நிற்கிறது. 16ஆம் விதியில் செர்வை விவரிக்கும்போது, பந்தைக் கையால் 'விடுவித்து', அது தரையைத் தொடும் முன் ராக்கெட்டால் அடிக்க வேண்டும் என்றுதான் இருக்கிறது. எத்திசையிலும் விடலாம் என்றும் சொல்கிறது. போட்டுவிட்டு அடிக்காமல் பிடித்துக்கொண்டால் தவறாகாது என்று விளக்கும் இடத்தில்தான் டாஸ் என்ற சொல் எட்டிப் பார்க்கிறது. ஒவ்வொரு மோசமான பந்தையும் விரட்டிப் போய் அடிக்கிறவர்கள் இந்தச் சலுகையை மறந்து விடுகிறார்கள். பந்து தப்பாகப் போனால் பிடித்துக்கொண்டு மறுபடி ஏந்துங்கள், யாரும் புள்ளியைப் பறிக்கப் போவதில்லை.

மாமாவுக்கு நான் சொன்னது இவ்வளவுதான். பந்தை உள்ளங்கையில் பொத்திக்கொள்ளாமல் விரல் நுனிகளில் வைத்துக்கொள்ளுங்கள், தே தாரிக் கிளாஸைப் பிடிப்பதுபோல. முழங்கையை மடக்காமல் தொடை அருகிலிருந்து மெதுவாக உயர்த்துங்கள், கண் மட்டத்துக்கும் தலை உச்சிக்கும் நடுவே வரும்போது விரல்களை ஒரே நேரத்தில் திறந்துவிடுங்கள், கை மட்டும் நிற்காமல் மேலே போகட்டும். விட்டது சரியா என்று கண்டுபிடிக்க இரண்டு வழிகள். ஒன்று, பந்தில் அச்சடித்த எழுத்தைப் பாருங்கள். அது சுழலாமல், படிக்கிற மாதிரி மேலே போனால் விரல் உருட்டவில்லை என்று அர்த்தம். இரண்டாவது, அடிக்காமல் பந்தை விழவிடுங்கள். வலக்கைக்காரர் என்றால், இடக்காலின் முன்னால், கோட்டுக்கு உள்ளே ஏறக்குறைய ஓர் அடி தள்ளி, கொஞ்சம் வலப்பக்கமாக ராக்கெட்டைத் தரையில் வைத்துவிட்டு, அதன் முகத்திலே பந்து விழுகிறதா என்று பாருங்கள். மாமா முதல் நாள் இருபதில் நான்கு, பத்து நாளில் பதினான்கு.

இனி, செர்வ் அடிக்க ராக்கெட்டைப் பிடிக்கும் முறைக்கு அவர் வைத்த 'கண்டப் பிடி'. இதைக் கேட்டால் எனக்குத் தொண்டையை யாரோ நெரிக்கிற மாதிரி இருக்கிறது, நீலகண்டன் கதையில் வருகிற கண்டம் அதுதானே. ஜாதகத்தில் 'கண்டம் இருக்கு' என்றாலும் பயம்தான். ஆங்கிலத்தில் இது 'காண்டினென்டல் கிரிப்', ஐரோப்பியக் கண்டத்து ஆட்டக்காரர்களின் பழக்கத்தை வைத்து வந்த பெயர். கிழக்கத்திய, மேற்கத்திய பிடிகளும் அப்படியே ஊர்ப் பெயர் வைத்து வந்தவைதான். நமக்குக் கண்டத்தைப் பெயர்த்துக்கொண்டு வர வேண்டிய அவசியம் என்ன? ராக்கெட்டின் பிடிக்கு எட்டு முகங்கள் உண்டு. மேல் முகத்திலிருந்து வலக்கைக்காரருக்கு அடுத்து வலப்புறம் இருக்கும் சரிவு முகத்தில் ஆட்காட்டி விரலின் அடிக்கணு உட்கார வேண்டும். ராக்கெட்டின் விளிம்பு பூமியைப் பார்த்திருக்கும், பாராங் கத்தியைச் செடி வெட்டப் பிடிக்கிற மாதிரி. நம் ஊரில் பாராங் பிடிக்கத் தெரியாதவர் யார்? 'கத்திப் பிடி' என்று சொன்ன நிமிடத்தில் மாமாவின் கை தானாக அமைந்தது.

அதற்கு முன் அவர் ஃபோர்ஹாண்ட் பிடியிலேயே செர்வ் அடித்தார். தட்டில் தே ஓ எடுத்துப் போகிறவர்போல ராக்கெட் முகம் வானத்தைப் பார்த்தது, அதனால் முன்கையைச் சுழற்றி விசை தர வழியே இல்லை. கத்திப் பிடியில் விளிம்புதான் முதலில் பந்தை நோக்கி வரும், கடைசி நொடியில் முன்கை வெளிப்பக்கம் திரும்பி முகத்தைக் காட்டும். முதல் நாட்களில் பந்து இடப்பக்கமாக ஓடும், ஃபிரேமில் பட்டு எகிறும். பயந்து பழைய பிடிக்குப் போகிறவர்கள்தான் அதிகம். இடப்பக்கம் போகிறது என்றால் முன்கை இன்னும் முழுதாகத் திரும்பவில்லை, பிடியில் குறை இல்லை.

'இயக்கச் சங்கிலி'க்கு நான் அவ்வளவு சண்டை போடவில்லை. 1875இல் ஜெர்மானியப் பொறியாளர் ஃபிரான்ஸ் ரூலோ இயந்திரங்களைப் பற்றி எழுதும்போது ஒன்றோடொன்று இணைந்த பாகங்களை இப்படிச் சங்கிலி என்றார், பிற்பாடு உடலியக்கத்துக்கும் அந்தச் சொல் வந்தது. ஆனால் சங்கிலி என்றதும் நமக்குக் கட்டிப் போடுவதுதான் தோன்றும், எல்லாம் சேர்ந்து ஒரே நேரத்தில் இழுபடும். செர்வில் நடப்பது வேறு: கால் தரையை உதைக்கிறது, இடுப்பு திரும்புகிறது, மார்பு, தோள், கை, கடைசியில் ராக்கெட் என்று ஒன்றன் பின் ஒன்றாக வேகம் மாறிக்கொண்டே போகிறது. சாட்டை என்றால் இது புரியும். பிடி மெதுவாக அசைகிறது, நுனிதான் சொடுக்குகிறது. 'விசைத்தொடர்' என்று வைத்தால் போதும்.

பந்து ஏந்தும் கை மேலே போகும்போதே முழங்கால் மடங்கியிருக்க வேண்டும், அங்கிருந்துதான் தொடர் தொடங்குகிறது. பந்து தலைக்குப் பின்னால் போனால் கால் உதைக்க இடமே இல்லை, தோள் மட்டும் தனியாக உழைக்கும். மறுநாள் வலிக்கிறது என்று மாமா எண்ணெய் தேய்த்துக்கொண்டதெல்லாம் இதனால்தான். அவருடைய இரண்டாவது செர்வ் இன்னும் நெட்டில்தான் விழுகிறது, அது வேறு கதை.

தாள் எழுதியவரிடம் இதையெல்லாம் சொன்னேன். தலையை ஆட்டிக் கேட்டார், ஒரு வாரத்தில் திருத்திய பதிப்பு கொண்டுவந்தார். 'பந்துச் சுழற்சி' இல்லை, நல்லது. அடுத்த வரியில் 'ஐரோப்பியக் கண்டப் பிடி' என்று இருந்தது.